ஐந்து ப்ராஜெக்டும் பச்சை, ஆனால் ஆஸ்பத்திரி எப்போது திறக்கும்?

கேள்வி: எங்கள் ஆஸ்பத்திரி விரிவாக்கத்தில் ஐந்து ப்ராஜெக்டுகள் ஓடுகின்றன: புதிய கட்டடம், நான்கு ஆபரேஷன் தியேட்டர்களோடு ஆறு படுக்கை ஐசியு, எம்ஆர்ஐ, ஆஸ்பத்திரி மென்பொருள், புதிய ஆட்கள் சேர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேனேஜர். ஐந்தையும் சேர்த்துப் பார்க்க என்னைப் போட்டிருக்கிறார்கள். எல்லா அட்டவணைகளையும் கோத்து இரண்டாயிரம் வரியில் ஒன்று செய்தேன், யாரும் திறப்பதில்லை. வார ரிப்போர்ட்டில் எல்லாமே பச்சை. ஆனால் எம்ஆர்ஐக்காரருக்கும் கட்டடக்காரருக்கும் ஓயாத சண்டை. ஒவ்வொரு ப்ராஜெக்டும் "அறுவை சிகிச்சைகள் கூடும்" என்று தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. நான் எங்கே தொடங்குவது, யாரிடம் என்ன அதிகாரம் இருக்க வேண்டும்?

பதில்: அந்த "அறுவை சிகிச்சைகள் கூடும்" என்ற வரியில் தொடங்குங்கள். அட்டவணை அப்புறம்.

ஐந்து ப்ராஜெக்டின் ஒப்புதல் காகிதங்களையும் எடுத்து, ஒவ்வொன்றும் வாரத்துக்கு எத்தனை சிகிச்சைகள் கூடும் என்று சொல்லியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கூட்டினால் நான்கு தியேட்டர்களில் செய்யவே முடியாத ஒரு எண் வரும், ஏனென்றால் ஒரே நோயாளியைத் தியேட்டர்காரர் எண்ணியிருப்பார், ஐசியுவுக்காக எண்ணியிருப்பார்கள், ஆட்கள் சேர்ப்பவரும் எண்ணியிருப்பார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பணம் கேட்கும்போது எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் பலன் ஒன்றுதான், அது எந்த ஒரு ப்ராஜெக்டாலும் தனியாக வராது. ஐந்தையும் ஒரு ப்ரோகிராமாக நடத்துவதற்கே அதுதான் காரணம். பலன் ப்ராஜெக்டுகளின் கணக்கிலிருந்து வெளியே வந்து ஒரு இடத்தில், ஒரு எண்ணாக, ஒரு ஆளின் பெயரில் இருக்க வேண்டும். அந்த ஆள் நீங்கள் இல்லை, கட்டட மேனேஜரும் இல்லை. திறந்த பிறகு தியேட்டர்களை தினமும் நடத்தப் போகிற அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர்தான். ப்ராஜெக்ட் மேனேஜர்கள் எல்லாம் கலைந்து போன பிறகும் அவர் அங்கேயே இருப்பார்.

சரி, அந்த எண் எவ்வளவு? ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன், உங்கள் எண்களை வைத்து நீங்கள் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தியேட்டரில் ஒரு நாளைக்கு 5 சிகிச்சைகள், வாரத்துக்கு 5 நாள், நான்கு தியேட்டர். வாரத்துக்கு 100 கூடும். தியேட்டர் மேனேஜரின் கணக்கு இதோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு சிகிச்சை நடக்க வேண்டுமென்றால் கிருமி நீக்கிய கருவி செட்டுகள் வேண்டும், மயக்க மருந்து டாக்டர் வேண்டும், முடிந்ததும் சிலருக்கு ஐசியு படுக்கை வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போங்கள்.

சராசரியாக ஒரு சிகிச்சைக்கு 4 கருவி செட் என்று வைத்தால் ஒரு நாளைக்குக் கூடுதலாக 80 செட் சுத்தம் செய்து, பொதியிட்டு, ஸ்டெரிலைசரில் வைத்து எடுக்க வேண்டும். இதைச் செய்கிற சிஎஸ்எஸ்டி பிரிவு, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஐந்து ப்ராஜெக்டில் எதிலும் இல்லை. பழைய கட்டடத்தில் பழைய அளவிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் அதுதான், திறப்பு விழாவில் காட்ட முடியாதே. அங்கே இப்போது ஒரு நாளைக்கு 30 செட் கூடுதலாகச் செய்ய மட்டும் இடம் இருந்தால், 7 சிகிச்சைகளுக்குத்தான் கருவி வரும். வாரத்துக்கு 35. அதாவது ஐந்து ப்ராஜெக்டும் சொன்ன தேதியில், சொன்ன பட்ஜெட்டில், பச்சை நிறத்திலேயே முடிந்து, நூறு வர வேண்டிய இடத்தில் முப்பத்தைந்து வரும். ரிப்போர்ட்டில் இதைக் காட்ட ஒரு நிறமும் கிடையாது.

இதற்குப் புதிய சிஎஸ்எஸ்டி கட்டுவதுதான் வழி என்று அவசரப்பட வேண்டாம். இரவு ஷிப்ட் ஒன்று சேர்த்தால் இன்னும் 40 செட் முடியும் என்று வையுங்கள், மொத்தம் 70, ஒரு நாளைக்கு 17 சிகிச்சைகள், வாரத்துக்கு 85. அதற்குச் சில டெக்னீஷியன்கள் வேண்டும், அதாவது ஆட்கள் சேர்ப்பு ப்ராஜெக்டின் பட்டியலில் ஒரு வரி கூட வேண்டும், அப்புறம் இரவில் சுழற்சிக்குக் கருவி செட்டுகளின் எண்ணிக்கையே போதுமா என்று ஒரு முறை எண்ண வேண்டும், இருக்கிற ஸ்டெரிலைசர்களைப் பராமரிக்க நேரம் எங்கே என்றும் கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஐசியுவையும் இதே எண்ணில் பாருங்கள்: ஐந்தில் ஒருவருக்கு ஐசியு, சராசரி இரண்டு நாள் என்றால், 100 சிகிச்சைக்கு வாரம் 40 படுக்கை-நாள். உங்கள் ஆறு படுக்கைகள் தருவது 42. காகிதத்தில் போதும் போலத் தெரியும், நடைமுறையில் போதாது, 95 சதவீதம் நிரம்பிய ஐசியுவில் ஒருவர் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலே அடுத்த நாள் பட்டியலில் ஒரு சிகிச்சை ரத்தாகும். 85க்கு 34 படுக்கை-நாள், எண்பது சதவீதத்துக்குச் சற்று மேல், அதிலும் ஐசியு தேவைப்படும் சிகிச்சைகளைத் திங்கள் செவ்வாயிலேயே குவிக்காமல் வாரம் முழுக்கப் பரப்பினால் தாங்கும். ஆக, நேர்மையான எண் 85. ப்ரோகிராமை மேற்பார்வையிடும் கமிட்டியிடம் 100 என்று சொல்லாதீர்கள். முதல் வாரத்திலேயே 85 வரும் என்றும் சொல்லாதீர்கள். புது இடம், புதுக் குழு, பட்டியலைப் பாதியில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள்.

இப்போது எம்ஆர்ஐ சண்டைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கப் போகிறேன், ஏனென்றால் உங்கள் ப்ரோகிராமில் இருக்கிற மற்ற சண்டைகளுக்கும் இதே வடிவம்தான். உங்கள் தளங்களின் அமைப்பு எனக்குத் தெரியாது, எம்ஆர்ஐயும் தியேட்டர்களும் ஒரே தளத்தில் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எம்ஆர்ஐ காந்தம் பல டன் எடை, கதவு வழியாக வராது. வெளிச் சுவரில் ஒரு திறப்பு விட்டு, கிரேனில் தூக்கி உள்ளே தள்ளுவார்கள், அப்புறம்தான் ரேடியோ அலைகளைத் தடுக்கும் உலோகக் கூண்டின் கடைசிப் பக்கத்தை மூடி, சோதித்து, சுவரைக் கட்ட முடியும். ஆகவே கட்டடக்காரர் சொல்கிறார்: "காந்தத்தைக் கொண்டு வா, நான் சுவரை மூட வேண்டும்." எம்ஆர்ஐக்காரர் சொல்கிறார்: "முதலில் கரன்ட்டும் குளிர்நீரும் கொடு." வழக்கமான வகைக் காந்தத்துக்குள் ஆயிரம் லிட்டருக்கு மேல் திரவ ஹீலியம் இருக்கும், அது ஆவியாகாமல் இருக்க ஒரு கம்ப்ரசர் இரவு பகலாக ஓட வேண்டும், அந்தக் கம்ப்ரசருக்குக் குளிர்நீர் வேண்டும். நின்றால் ஹீலியம் போகத் தொடங்கும், திரும்ப நிரப்புவது விலை அதிகம், உடனே கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. புதிய மாடல்கள் சிலவற்றில் ஹீலியம் சில லிட்டர்தான், உங்களுடையது எது என்று சப்ளையரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருவரும் சொல்வது சரி. வேடிக்கை என்னவென்றால் இருவரின் அட்டவணையிலும் "மின்சாரம் தயார்" என்று ஒரு வரி இருக்கும், ஒரே தேதியில் கூட இருக்கும், இரண்டுமே பச்சையாக இருக்கும். கட்டடக்காரருக்கு அதன் பொருள் தளத்தின் பேனலில் கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பு வந்துவிட்டது என்பது. எம்ஆர்ஐக்காரருக்கு அதன் பொருள் நிரந்தர இணைப்பு, ஜெனரேட்டர் பின்பலம், 24 மணி நேரமும் குளிர்நீர் தரும் சில்லர், அதில் கோளாறு வந்தால் இரவு இரண்டு மணிக்குப் போன் எடுக்க ஒரு ஆள்.

உங்கள் இரண்டாயிரம் வரியை மூடி வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய பட்டியல் இதுதான்: கைமாறல்கள். ஒரு ப்ராஜெக்ட் இன்னொன்றுக்கு எதைத் தருகிறது, எந்த நிலையில் தந்தால் வாங்குபவர் ஏற்றுக்கொள்வார், எந்த வாரம், தருபவர் யார், வாங்குபவர் யார். ஐந்து மேனேஜர்களிடமும் தனித்தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள்: மற்றவர்களிடமிருந்து உனக்கு என்ன வேண்டும், நீ மற்றவர்களுக்கு என்ன தர வேண்டும். இரண்டு பக்கப் பதிலும் பொருந்தாத இடங்கள்தான் உங்கள் வேலை. யாரோ ஒருவர் எதிர்பார்க்கிறார், தருவதாக ஒருவரும் சொல்லவில்லை என்று சில வரிகள் கட்டாயம் தேறும். நாற்பது வரிக்குள் முடிந்துவிடும், ஒரு காகிதத்தில் அடங்கும், அதனால் படிப்பார்கள்.

இன்னொரு விதி, நான் எங்கும் விட்டுக்கொடுக்காதது: கைமாறலின் நிறத்தை வாங்குபவர்தான் போட வேண்டும், தருபவர் அல்ல. கட்டடக்காரர் பச்சை என்று சொல்லலாம், ஆனால் அந்தப் பெட்டியில் நிறம் அடிக்கிற உரிமை எம்ஆர்ஐக்காரருடையது. இதைக் கொண்டுவந்த முதல் வாரம் ரிப்போர்ட்டில் பாதி மஞ்சளாகும், கூட்டத்தில் முகங்கள் சுருங்கும். ப்ரோகிராம் அந்த வாரம் கெட்டுப்போகவில்லை, முன்பே அப்படித்தான் இருந்தது என்று கமிட்டித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வந்த பிறகுதான் எல்லாம் தாமதம் என்று ஆகிவிடும்.

எம்ஆர்ஐக்கே திரும்புவோம். நிரந்தர சில்லர் வர இன்னும் ஆறு வாரம் ஆகும் என்று வையுங்கள். அதுவரை காந்தம் வராது, சுவர் திறந்தே இருக்கும். சுவர் திறந்திருக்கும்வரை அதே தளத்தில் தூசி வரும், தியேட்டர்களின் காற்றோட்டத்தைச் சரிபார்க்கும் வேலையைத் தொடங்க முடியாது. தியேட்டரில் மணிக்கு 20 முறை அல்லது அதற்கு மேல் காற்று மாற வேண்டும், உள்ளே அழுத்தம் வராந்தாவை விடக் கூடுதலாக நிற்க வேண்டும், கிருமி மாதிரி எடுத்து முடிவு வர வேண்டும். இவை எல்லாமே கட்டடம் மூடிய பிறகுதான். ஆக எம்ஆர்ஐயின் சில்லர் ஆறு வாரம் தாமதமானால் தியேட்டர்கள் ஆறு வாரம் தாமதம், தியேட்டர் மேனேஜரின் அட்டவணையில் சில்லர் என்ற சொல்லே இல்லாமலிருக்கும்போது.

வழி உண்டு: வாடகைக்கு ஒரு தற்காலிக சில்லரும் ஜெனரேட்டரும் வைத்துக் காந்தத்தை இப்போதே இறக்கிவிடலாம். ஆனால் வாடகையை யார் தருவது? எம்ஆர்ஐ பட்ஜெட்டில் கேட்டால், "எனக்கு என்ன லாபம், நான் ஆறு வாரம் காத்திருப்பேன்" என்பார். கட்டடக்காரருக்கும் லாபமில்லை. லாபம் முழுக்கத் தியேட்டர்களுக்கு, செலவு இன்னொருவருக்கு. தங்கள் ப்ராஜெக்டுக்கு நல்லது செய்கிற இரண்டு ஒழுங்கான மேனேஜர்களும் சேர்ந்து, மொத்தத்துக்குக் கெட்ட முடிவையே எடுப்பார்கள். மாதக்கணக்கில் சண்டை நடப்பதற்குக் காரணம் குணம் இல்லை, இதுதான். அவர்களை உட்கார வைத்துச் சமாதானம் பேசிப் பயனில்லை. எந்த ப்ராஜெக்டிலும் சேராத ஒரு தொகை ப்ரோகிராம் மட்டத்தில், உங்கள் கமிட்டியின் கையில், இருக்க வேண்டும், அதிலிருந்து வாடகை போக வேண்டும். அப்படி ஒரு தொகை இப்போது இல்லையென்றால் ஐந்து பட்ஜெட்டிலும் இருக்கிற எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டிலிருந்து ஒரு பங்கைப் பிரித்து மேலே எடுக்கச் சொல்லுங்கள். முனகுவார்கள், எடுக்கத்தான் வேண்டும்.

வாடகை தகுமா என்பதைப் பலனை வைத்து மட்டுமே சொல்ல முடியும். முன்பு போட்ட கணக்கு இங்கே வேலைக்கு வருகிறது. இரவு ஷிப்ட் தயாராக இருந்தால் ஆறு வாரம் என்பது படிப்படியாக ஏற்றும் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் சுமார் 510 சிகிச்சைகள் தள்ளிப் போவது. இரவு ஷிப்டுக்கு ஆள் இன்னும் எடுக்கவில்லை, அதுவும் எட்டு வாரம் ஆகும் என்றால், தியேட்டர் சீக்கிரம் திறந்தாலும் வாரத்துக்கு 35தான் நடக்கும். வாடகை கொடுத்து நீங்கள் வாங்குவது 210. ஒரே சில்லர், ஒரே வாடகை, விடை வேறு. அந்த நிலையில் பணத்தை முதலில் டெக்னீஷியன்களைச் சீக்கிரம் எடுத்துப் பயிற்சி தருவதில் போடுவதே மேல். இந்த ஒப்பீட்டைச் செய்ய எம்ஆர்ஐ மேனேஜராலும் முடியாது, ஆட்கள் சேர்ப்பவராலும் முடியாது, உங்களால் முடியும்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறை எண்களும் படுக்கை எண்களும் எந்த வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டன என்று கேளுங்கள். கட்டடக்காரர் பாதியில் அறைகளை மாற்றியிருப்பார், மென்பொருளில் பழைய பட்டியல் இருக்கும், ரத்தப் பரிசோதனை முடிவு, இப்போது இல்லாத ஒரு படுக்கைக்குப் போகும். அப்புறம், புதிய மென்பொருளையும் புதிய தியேட்டரையும் ஒரே வாரத்தில் தொடங்க விடாதீர்கள். இரண்டிலும் பழகப் போவது அதே நர்ஸ்கள்.

ஆட்களைப் பற்றி அதோடு சேர்ந்த ஒன்று. ஐந்து அட்டவணைகளிலும் பதவிப் பெயர்களை எடுத்துவிட்டு ஆளின் பெயரைப் போடச் சொல்லுங்கள். மயக்க மருந்துத் துறைத் தலைவர், தொற்றுத் தடுப்பு நர்ஸ், பயோமெடிக்கல் இன்ஜினியர் ஆகிய மூவரும் ஒரே இரண்டு வாரத்தில் எல்லா ப்ராஜெக்டிலும் கையெழுத்துப் போட வேண்டியவர்களாக இருப்பார்கள், தங்கள் அன்றாட வேலைக்கு மேல்.

அதிகாரம் யாரிடம் என்று கேட்டீர்கள். கமிட்டியின் தலைமையில் ஒரே ஒருவர் இருக்க வேண்டும், பணத்தையும் ஆஸ்பத்திரி நடப்பையும் இரண்டையும் கட்டளையிடக்கூடியவர். இணைத் தலைவர்கள் வேண்டாம், முடிவு வராது. பலனுக்குப் பொறுப்பான அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் அந்த மேசையில் முழு உறுப்பினராக இருக்க வேண்டும், அழைத்தால் வந்து போகிறவராக அல்ல. ஐந்து மேனேஜர்களும் கமிட்டியில் உறுப்பினராக இருக்கக் கூடாது, தங்களையே தாங்கள் தீர்ப்பிடுவார்கள். கமிட்டி மாதம் ஒரு முறை போதும். கைமாறல் பட்டியலை மட்டும் வைத்து மேனேஜர்களோடு உங்கள் அரை மணிக் கூட்டம் வாரா வாரம்.

எது மேலே வர வேண்டும் என்பதைத் தொகையை வைத்து மட்டும் வரையறுக்காதீர்கள். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இவ்வளவுக்கு மேல் செலவானால் கமிட்டிக்கு வா என்றுதான் விதி. ஆனால் ஒரு கதவை அரை மீட்டர் தள்ளி வைப்பதற்கு ஒன்றும் செலவாகாது, அது எம்ஆர்ஐ காந்தப்புல எல்லைக்குள் போய் விழலாம். அதனால் விதி இப்படி இருக்கட்டும்: தன் ப்ராஜெக்டுக்குள் எதை வேண்டுமானாலும் மேனேஜர் தானே முடிவு செய்யலாம், யாரையும் கேட்க வேண்டாம், கைமாறல் பட்டியலில் ஒரு வரியின் தேதி ஒரு வாரத்துக்கு மேல் நகர்ந்தாலோ, தரும் பொருளின் நிலை மாறினாலோ, இரண்டு நாளுக்குள் உங்களிடம் சொல்லியாக வேண்டும். வாங்குபவர் ஒத்துக்கொண்டால் நீங்கள் அங்கேயே முடித்துவிடலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் கமிட்டி. பெரும்பாலானவை உங்கள் மட்டத்திலேயே முடிந்துவிடும்.

கமிட்டித் தலைவராலும் மீற முடியாத ஒரு அதிகாரம் உண்டு, அதை இப்போதே, தேதி நெருக்கடி வராத காலத்தில், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளியை உள்ளே விடலாமா என்ற கடைசி முடிவில் தொற்றுத் தடுப்புக் குழுவுக்கும் மருத்துவப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவருக்கும் "முடியாது" என்று சொல்லும் உரிமை. மருத்துவ வாயுக் குழாய்களில் ஆக்ஸிஜன் குழாய் முனையில் ஆக்ஸிஜன்தான் வருகிறதா, வேறு வாயு மாறி இணைந்திருக்கிறதா என்ற சோதனை, தியேட்டர் அழுத்தம், கிருமி மாதிரி முடிவு, இவற்றில் ஒன்று குறைந்தாலும் திறப்பு இல்லை. அழைப்பிதழ் அச்சடித்த பிறகு இந்த உரிமையைக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

நிர்வாகம் தேதி கேட்டால் ஒற்றைத் தேதி சொல்லாதீர்கள். "முதல் நோயாளி" என்று ஒரு வார வரம்பும், "வாரத்துக்கு 85" என்று இன்னொரு வரம்பும், ஒவ்வொன்றும் எந்தக் கைமாறலில் தொங்குகிறது என்பதும் சொல்லுங்கள். சில்லரும் இரவு ஷிப்டும்தான் அந்த இரண்டு தேதிகளையும் நகர்த்துகின்றன என்று தெரிந்தால் அவர்களே அந்த இரண்டையும் விசாரிக்கத் தொடங்குவார்கள்.

கடைசியாக, இன்றைய நிலையை இப்போதே அளந்து வையுங்கள்: வாரத்துக்கு எத்தனை சிகிச்சைகள் நடக்கின்றன, எத்தனை ரத்தாகின்றன, எதனால், எத்தனை நாள் காத்திருக்கிறார்கள். திறந்த பிறகு பழைய எண்ணைத் தேடினால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். காத்திருப்பு நாட்கள் அதே விகிதத்தில் குறையும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், வசதி கூடினால் அனுப்பி வைக்கப்படும் நோயாளிகளும் கூடுவார்கள். கட்டடம் கைக்கு வந்த நாளில் ப்ரோகிராமை மூடவும் வேண்டாம். ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் இதே எண்களை எடுத்துக் கமிட்டிக்கு வைக்க ஒரு ஆள் வேண்டும், அவருடைய ஒரு வருடச் சம்பளத்தை ப்ரோகிராம் பட்ஜெட்டில் இந்த மாதமே போட்டுவிடுங்கள்.